60:40 மிக்சிங்கா, 50:50 மிக்சிங்கா?

கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. விலை கூடிய நீளப் பஞ்சைக் குறைத்து, இரண்டாம் தரப் பஞ்சைக் கூட்டினால் லாபமா? எளிமைக்காக ஒரு மாதத்துக்கு நானே எண்களை வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டாண்டர்ட் மிக்சிங் 60:40, அதாவது நீளப் பஞ்சு 60 பங்கு, மற்றது 40. நீளப் பஞ்சு கிலோ 180 ரூபாய், மற்றது 140. 100 கிலோ பஞ்சு போட்டால் 82 கிலோ நூல் வர வேண்டும். அப்படியானால் நூலுக்குப் பஞ்சுச் செலவு கிலோவுக்குச் சரியாக 200 ரூபாய்.

இந்த மாதம் 10,000 கிலோவை 50:50 ஆகப் போட்டார்கள். ஸ்டாண்டர்ட் விலையில் 60:40-க்கு 16,40,000 ஆகியிருக்கும், இதற்கு 16,00,000தான். மிக்சிங் மாறியதால் வந்த இந்த வித்தியாசம்தான் கலவை மாறுபாடு, 40,000 சாதகம். பர்ச்சேஸ்காரர் முகம் மலர்ந்துவிடும்.

அப்புறம் யீல்டைப் பாருங்கள். 8,200 கிலோ வர வேண்டிய இடத்தில் வந்தது 7,900. குறைந்த 300 கிலோவை 200 ரூபாயால் பெருக்கினால் 60,000 பாதகம். இரண்டையும் கூட்டினால் 20,000 நஷ்டம். கலவை மாறுபாட்டை மட்டும் தனியாக ரிப்போர்ட்டில் போடுவது தப்பு என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விற்பனைப் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு. திருப்பூர் பனியன் நூலுக்கு மார்ஜின் கிலோவுக்கு 40, சோமனூர் தறி நூலுக்கு 20. பட்ஜெட் இரண்டிலும் 3,750 கிலோ. விற்றதோ 3,450-ம் 4,450-ம். மொத்தம் 400 கிலோ கூடுதல், சராசரி மார்ஜின் 30, ஆகவே அளவு மாறுபாடு 12,000 சாதகம். ஆனால் பாதிப் பாதி விற்றிருந்தால் பனியன் நூல் 3,950 போயிருக்க வேண்டும். அதில் 500 கிலோ தறி நூலுக்குத் தாவிவிட்டது, கிலோவுக்கு 20 ரூபாய் போச்சு, கலவை மாறுபாடு 10,000 பாதகம். பனியன் நூலில் 2 ரூபாய் குறைத்தும் கொடுத்திருக்கிறார்கள், விலை மாறுபாடு 6,900 பாதகம்.

திருப்பூர்க்காரர் ஏன் குறைவாக எடுத்தார்? நூல் சீராக இல்லை என்றாரா, மார்க்கெட்டே மந்தமா? மாறுபாட்டுக் கணக்கு அதைச் சொல்லாது, அவரிடமே கேட்க வேண்டும்.

யீல்டு குறைந்ததற்கும் மிக்சிங்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோரூம், கார்டிங் இரண்டிலும் விழும் வேஸ்டை எடைபோட்டுப் பாருங்கள். குட்டை நார் கூடியிருந்தால் அங்கே தெரியும். வேஸ்ட் பழைய அளவிலேயே இருந்தால், வறண்ட காற்றில் பஞ்சின் ஈரம் போயிருக்கலாம், இல்லையென்றால் எடைத் தராசில் கோளாறு.

வேஸ்ட்தான் கூடியது என்றால் கணக்கு சுலபம். 50:50-இல் 100 கிலோ பஞ்சு 16,000 ரூபாய். 80 கிலோ நூல் வந்தால்தான் பழைய 200 ரூபாய் அடக்கம் நிற்கும். வந்தது 79. நான் 60:40-க்கே திரும்பச் சொல்வேன்.