முகமும் தாளும் ஒரே நேரத்தில்: ஜூம் வகுப்பில் இரண்டாவது கேமராவைக் காட்ட எந்த வழி நல்லது?

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு கேமரா போதாது. ‘ழ’ சொல்லும்போது வாய் தெரிய வேண்டும். அதை எழுதும்போது பேனா எங்கே தொடங்குகிறது, எங்கே சுழிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மடிக்கணினியின் கேமரா முகத்தைக் காட்டட்டும், மேசைக்கு மேலே ஒரு வெப்கேம் தாளைக் காட்டட்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது படத்தைக் கூட்டத்துக்குள் எந்த வழியாக அனுப்புவது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. தாளில் இருப்பது ‘க’வா ‘க்’கா என்று எதிர்முனையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்பதை அந்த வழிதான் தீர்மானிக்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். பரவலாகக் கிடைக்கும் 78 டிகிரி பார்வைக்கோணம் கொண்ட வெப்கேமை, படுக்கைவாட்டில் வைத்த A4 தாளுக்கு 30 செ.மீ. மேலே பொருத்தினால், சுமார் 42 செ.மீ. அகலமும் 24 செ.மீ. உயரமும் படத்துக்குள் வரும். தாள் 29.7 x 21 செ.மீ. என்பதால் சுற்றிலும் கொஞ்சம் இடம் மிஞ்சும். இதைவிடக் கீழே இறக்கினால் எழுதும் கை கேமராவில் இடிக்கும். மேலே ஏற்றினால் எழுத்து சிறுத்துவிடும்.

ஜூமில் பலர் இருக்கும் கூட்டத்தில் முகப்படம் பெரும்பாலும் 640×360 அளவில்தான் போகிறது. HD வேண்டுமென்றால் கணக்கில் அந்த வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். 42 செ.மீ. அகலம் 640 பிக்சல்களில் அடங்கினால் ஒரு செ.மீ.க்கு 15 பிக்சல்கள்தான் கிடைக்கும். அரை செ.மீ. உயர எழுத்துக்கு ஏழெட்டுப் பிக்சல்கள். மெய்யெழுத்தின் மேலே பேனாவால் வைக்கும் 1 மி.மீ. புள்ளிக்கு ஒன்றரை. நெட் கொஞ்சம் திணறினாலே அது காணாமல் போய்விடும். அதே படம் 1280×720 அளவில் போனால் எழுத்துக்குப் பதினைந்து பிக்சல்கள், மெய்ப்புள்ளிக்கு மூன்று கிடைக்கும். அது கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, தாளின் படம் முகப்படம் போகும் பாதையில் போகிறதா, திரைப்பகிர்வு போகும் பாதையில் போகிறதா என்பதுதான். பகிர்வுப் பாதை, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அமைந்தது.

ஜூமின் சொந்த வசதி

கணினியில் ஓடும் ஜூம் செயலியில் `Share` அழுத்தி, `Advanced` பகுதிக்குப் போய், `Content from 2nd Camera` தேர்ந்தெடுத்து மீண்டும் `Share` கொடுத்தால் வேலை முடிந்தது. தாள் பெரிய பகிர்வுப் படமாக வரும், முகம் பழையபடி தன் கட்டத்திலேயே இருக்கும். முதலில் தவறான கேமரா வந்தால் பகிர்வுப் படத்தின் மேல் மூலையில் இருக்கும் `Switch Camera` பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு கேமராக்களையும் வகுப்புக்கு முன்பே செருகி வைத்திருப்பது நல்லது.

நான்கு வழிகளில் எங்கள் முதல் தேர்வு இதுதான். கூடுதல் மென்பொருள் வேண்டாம். பிள்ளை வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தாள் பெரிதாகவே நிற்கும். என்ன அளவில் போகிறது என்பதை ஜூம் அமைப்புகளில் `Statistics` பக்கத்தில் பார்த்துவிடலாம். அங்கே முகப்படத்துக்கும் பகிர்வுக்கும் தனித்தனியாக அளவும், நொடிக்கு எத்தனை சட்டங்கள் என்பதும் காட்டப்படும்.

குறை ஒன்று உண்டு. பகிர்வு இடத்தைத் தாள் பிடித்துக்கொள்வதால் அதே நேரத்தில் பவர்பாயிண்ட் காட்ட முடியாது. ஒன்றை நிறுத்தித்தான் இன்னொன்றைத் தொடங்க வேண்டும். ஸ்லைடும் தாளும் மாறி மாறி வரும் வகுப்பானால், ஸ்லைடை அச்செடுத்துக் கேமராவின் கீழேயே வைத்துவிடுவது எளிது. போனில் பார்க்கும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல்: பகிர்வு திரையை நிறைத்துவிட, ஆசிரியர் முகம் சிறு கட்டமாகச் சுருங்கிவிடும். உச்சரிப்புப் பயிற்சி நடக்கும் பத்து நிமிடங்களுக்குப் பகிர்வை நிறுத்தி வைத்தால் முகம் பெரிதாகும்.

ஓபிஎஸ்: இரண்டையும் ஒரே படமாக்குவது

ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் இரண்டு கேமராக்களையும் ஒரே காட்சியில் அடுக்கி, `Start Virtual Camera` அழுத்தி, ஜூமில் கேமராவாக `OBS Virtual Camera` தேர்ந்தெடுப்பது பலரும் சொல்லும் வழி. பார்க்க அழகாக இருக்கும். எந்தக் கருவியில் பார்த்தாலும் முகமும் தாளும் பிரியாது. இரண்டும் சேர்ந்தே போவதால் கையும் வாயும் முன்பின் ஆகாது. பதிவு செய்து யூடியூபில் ஏற்றும் பாடத்துக்கு இதுவே சரி.

நேரடி வகுப்புக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். படம் முகப்பாதையில் போகிறது, அதிலும் முகத்துக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. 640 பிக்சல் அகலத்தில் தாளுக்கு முக்கால்வாசி, அதாவது 480 கொடுத்தால், அரை செ.மீ. எழுத்துக்கு ஆறு பிக்சல்கூடத் தேறாது. மெய்ப்புள்ளியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் ஓபிஎஸ்ஸை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. தாள் கேமராவை மட்டும் அதில் சேர்த்து, அதன் மெய்நிகர் கேமராவை ஜூமின் இரண்டாவது கேமரா பகிர்வில் காட்டலாம். கேமராவைத் தலைகீழாக மாட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் `Transform` பட்டியலில் 180 டிகிரி திருப்பலாம். ஓரத்தை வெட்டித் தாளை மட்டும் நிறைக்கலாம். மடிக்கணினி கேமராவை மட்டும் ஓபிஎஸ்ஸில் சேர்க்கக் கூடாது. விண்டோஸில் ஒரு நிரல் பிடித்து வைத்திருக்கும் கேமராவை இன்னொரு நிரல் பொதுவாகத் திறக்க முடியாது. ஜூமில் முகம் கறுப்பாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

போனை இன்னொரு ஆளாகச் சேர்ப்பது

வெப்கேம் இல்லை, கேபிள் இல்லை, போனும் ஒரு ஸ்டாண்டும் மட்டும் இருக்கிறது என்றால் போனிலிருந்தும் அதே கூட்டத்தில் சேரலாம். போனில் ஆடியோவை இணைக்கவே கூடாது. மைக்கை மட்டும் அணைத்தால் போதாது, ஏனென்றால் போனின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் கணினியின் மைக்குக்குள் போய் எதிரொலிக்கும். சேர்ந்துவிட்டிருந்தால் `Disconnect Audio` கொடுக்க வேண்டும்.

அடுத்த சறுக்கல் `Pin`. அதை அழுத்தினால் ஆசிரியரின் திரையில் மட்டும் தாள் பெரிதாகும், பிள்ளைகளுக்கு எதுவும் மாறாது. போன் பேசாததால் ஜூம் அதைப் பெரிதாக்கவும் செய்யாது. எல்லோருக்கும் காட்ட, கூட்டத்தை நடத்துபவர் கணினியிலிருந்து `Spotlight` கொடுக்க வேண்டும். முகம், தாள் இரண்டுக்கும் கொடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதற்குக் குறைந்தது மூன்று பேருடைய வீடியோ இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு நடக்கும் தனி வகுப்பில் அந்தப் பிள்ளை கேமராவை அணைத்துவிட்டால் இந்த ஏற்பாடு கைகொடுக்காது.

இதிலும் தாள் முகப்பாதையில்தான் போகிறது. போதாததற்கு, குரல் கணினியிலிருந்தும் கை போனிலிருந்தும் தனித்தனியாகப் போவதால் “இப்போ சுழி” என்று சொன்ன பிறகு சுழி வரலாம். எழுதும் வரிசையைக் கற்பிக்கும் இடத்தில் அது உறுத்தும். ஆனால் இரண்டாவது படம் மேசையிலிருந்து தள்ளி, சமையலறையிலோ கரும்பலகை முன்னாலோ இருக்க வேண்டுமானால் இதைவிட்டால் எளிய வழி கிடையாது. போனையே வெப்கேமாக மாற்றும் ட்ராய்ட்கேம் போன்ற செயலியைப் போட்டால், மேசை வகுப்புக்காரர்கள் முதல் வழிக்கே திரும்பிவிடலாம்.

ஜன்னலைப் பகிர்வது

கூகுள் மீட் உட்பட எதிலும் வேலை செய்யும் பொது வழி இது. கேமராப் படத்தைக் கணினியில் ஒரு ஜன்னலில் திறந்து அந்த ஜன்னலை மட்டும் பகிர்வது. பகிர்வுப் பாதை என்பதால் எழுத்து தெளிவாக இருக்கும். விண்டோஸின் கேமரா செயலியைப் பயன்படுத்தினால் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஜன்னலைச் சிறிதாக்கி மறைத்தால் படம் உறைந்துவிடும். சில கணினிகளில் அது கண்ணாடி பிம்பமாகக் காட்டும், அப்போது பிள்ளைகள் எழுத்தை இடவலம் மாறிப் பார்ப்பார்கள். ஓபிஎஸ்ஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து வரும் `Windowed Projector` அந்தக் கண்ணாடி பிம்பத் தொல்லை இல்லாதது.

டீம்ஸில் `Content from camera` என்ற வசதி இருப்பதால் ஜன்னல் தேவையில்லை. அதில் `Whiteboard` முறை எழுதுபவரின் உருவத்தை ஒளிஊடுருவும்படி மங்கலாக்கும். கையசைவே பாடம் என்பதால் `Video` முறையே பொருந்தும். மேக்கும் ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தைய மாடலும் வைத்திருப்பவருக்கு `Desk View` இருக்கிறது. மேக்கின் மேல் மாட்டிய ஒரே போன் முகத்தையும், அகலக் கேமராவால் மேசையையும் சேர்த்துக் காட்டும். மேசைப் படம் தனி ஜன்னலில் வரும், அதைப் பகிர்ந்தால் போதும். ஸ்டாண்டே வேண்டாம் என்பது பெரிய வசதி. SE, 16e போன்ற மாடல்களுக்கு இது கிடையாது.

எந்த வழியானாலும் கெடுப்பவை

இரண்டு வெப்கேம்களை ஒரே USB ஹப்பில் செருகினால் ஒன்று கறுப்பாக நிற்பது சாதாரணம். USB 2.0 நொடிக்கு 480 மெகாபிட்தான் தாங்கும். சுருக்காத 720 படம் நொடிக்கு 30 சட்டங்களில் ஓடினால் ஒரு கேமராவே 440 மெகாபிட்டுக்கு மேல் கேட்கும். ஒன்றை ஹப்பிலிருந்து எடுத்துக் கணினியின் மறுபக்கத் துளையில் செருகிப் பாருங்கள். வந்துவிட்டால் காரணம் அதுதான்.

கேமரா தாங்கியை ஆசிரியருக்கு எதிர்ப்பக்கம் மாட்டினால் தாள் பெரும்பாலும் தலைகீழாகத் தெரியும். கேமராவின் மேல்விளிம்பு தாளின் மேல்விளிம்பு இருக்கும் பக்கமே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைத் தாள் படத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துத் தாளைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கேமராவின் அமைப்பில் ஒளியளவைக் கையால் கொஞ்சம் ஏற்றிப் பூட்டுங்கள். அதே அமைப்பில் தானியங்கி ஃபோகஸையும் அணைத்துவிட்டால் கை குறுக்கே வரும்போதெல்லாம் எழுத்து மங்காது. வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால், இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் கேமராவின் மினுக்கத் தடுப்பை 50 ஹெர்ட்ஸிலும், கனடாவில் இருப்பவர்கள் 60 ஹெர்ட்ஸிலும் வைக்க வேண்டும்.

கடைசியாக, வகுப்புக்கு முன் தாளில் ‘க, க், ங, ங்’ என்று வழக்கமான அளவில் எழுதி, ஒரு பெற்றோரிடம் போனில் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் பேனாவை மாற்றி 1 மி.மீ. முனை ஜெல் பேனாவோ மெல்லிய ஸ்கெட்ச் பேனாவோ எடுத்து, எழுத்தை ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏற்றுங்கள்.