கோபுரத்தின் உயரம் காண ஒரு கோணமா, இரண்டு கோணமா?

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் கோபுரக் கணக்கு இரண்டு வகையாக வரும். முதல் வகையில் அடிவாரத்திலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோம், உச்சியின் ஏற்றக் கோணம் இவ்வளவு, உயரம் என்ன என்று கேட்பார்கள். இரண்டாவதில் அடிவாரத் தூரம் தெரியாது. ஓரிடத்தில் ஒரு கோணம், நேர்கோட்டில் கொஞ்சம் பின்வாங்கி இன்னொரு கோணம், இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரம், இவை மட்டும் தருவார்கள். தாளில் இரண்டுமே துல்லியமான விடை தரும். தெருவில் நின்று நிஜக் கோபுரத்தை அளக்கும்போதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அக்கா மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்தை அளந்தோம். இரண்டு முறைகளையும் செய்து பார்த்த பிறகு முதல் முறையையே எழுதிக் கொடுத்தோம். வாய்ப்பிருக்கும் எந்த இடத்திலும் இனி ஒரு கோண முறைதான் என்பது என் முடிவு.

நிழல் முறையும் உண்டு. ஒரு குச்சியின் நிழலையும் கோபுரத்தின் நிழலையும் ஒப்பிட்டால் கோணமே வேண்டாம். ஆனால் ரத வீதியில் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஏறிவிடும். அப்படியே தரையில் விழுந்தாலும், சூரியன் அரை டிகிரி அகலமான வட்டு என்பதால், உயரமான பொருளின் நிழல் முனை மங்கி, எது நுனி என்றே சொல்ல முடியாமல் போகும். அதனால் அதை விட்டுவிட்டோம்.

எங்கள் கருவி எளியது. அரைவட்டக் கோணமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டது. ஸ்ட்ரா வழியாக நடுக் கலசத்தைப் பார்க்கும்போது நூல் காட்டும் எண்ணை 90-லிருந்து கழித்தால் ஏற்றக் கோணம். காற்றில்லாத காலை நேரத்தில், பொறுமையாகப் பார்த்தாலும், அரை டிகிரிக்கு மேல் நுணுக்கமாக இதில் படிக்க முடியாது. இந்த அரை டிகிரி எந்த முறையில் எவ்வளவு சேதம் செய்கிறது என்பதுதான் என் முடிவுக்குக் காரணம்.

முதலில் ஒரு கோண முறை. கலசத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து 30 மீட்டர் தூரத்தில் நின்றோம். கோணம் 43 டிகிரி.

h = d × tan θ = 30 × 0.9325 = 27.98 மீட்டர்

இது கண் மட்டத்துக்கு மேலே உள்ள உயரம். பார்த்தவளின் கண் உயரம் 1.5 மீட்டர். அதைக் கூட்டினால் கோபுரம் சுமார் 29.5 மீட்டர். கோணத்தில் அரை டிகிரி தப்பி 43.5 என்று படித்திருந்தால் 28.47 வந்திருக்கும். அதாவது அரை டிகிரிக்கு அரை மீட்டர். டேப்பில் பத்து சென்டிமீட்டர் தவறினாலும் உயரத்தில் அதே அளவுதான் தவறும். டேப்பைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை, கோணம்தான் எல்லாம்.

இரண்டு கோண முறைக்கு 20 மீட்டர் பின்வாங்கினோம். பக்கக் கோணம் அதே 43. தூரக் கோணத்தை அவள் 29 என்றாள், நான் 29.5 என்றேன். நூல் இரண்டுக்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சூத்திரம் இது:

h = s / (cot α − cot β)

s என்பது இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரம், α தூரக் கோணம், β பக்கக் கோணம். 29 டிகிரி என்றால் 20 / (1.804 − 1.072), அதாவது 27.3 மீட்டர். 29.5 என்றால் 20 / (1.767 − 1.072), அதாவது 28.8 மீட்டர். அதே அரை டிகிரிக்கு இங்கே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். முதல் முறையைப் போல மூன்று மடங்கு. அதுவும் ஒரு கோணத்தில் மட்டும் தவறியபோது. மற்றக் கோணமும் எதிர்ப்பக்கம் அரை டிகிரி தவறினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

காரணம் அந்தக் கழித்தல். 1.804 என்ற எண்ணில் 0.037 தவறுவது இரண்டு சதவீதம்தான். ஆனால் 1.072-ஐக் கழித்த பிறகு மிஞ்சுவது 0.73. தவறு மட்டும் கழிபடாமல் அப்படியே நிற்கிறது. இப்போது அது ஐந்து சதவீதம். இரண்டு இடங்களும் நெருங்க நெருங்க மிச்சம் சின்னதாகும், தவறின் பங்கு பெரிதாகும். இடநெருக்கடியால் பத்து மீட்டர் மட்டும் பின்வாங்கி அளப்பவர்களுக்கு இந்த முறை இரண்டு மூன்று மீட்டர் தப்பான விடையைக்கூடத் தரும்.

"மாமா, புக்ல ரெண்டாவது கணக்குக்குத்தானே மார்க் ஜாஸ்தி, அப்ப அதானே நல்ல முறை?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. அந்தக் கணக்கில் கோணங்களை 30, 60 என்று கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த கோணத்தில் தவறே இருக்காது, அதனால் முறையின் பலவீனம் வெளியே தெரியாமலே போகிறது.

ஒரு கோண முறைக்கும் ஒரு முள் உண்டு. தூரத்தை எதிலிருந்து அளப்பது? புத்தகத்தில் கோபுரம் ஒற்றைச் செங்குத்துக் கோடு. நிஜக் கோபுரத்தின் அடி அகலமானது, மேலே போகப் போகக் குறுகுகிறது. கலசங்கள் இருப்பது முன்சுவருக்கு மேலே இல்லை, அடித்தளத்தின் நடுவுக்கு மேலே. எங்கள் கோபுரத்தின் அடி, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை சுமார் 10 மீட்டர். டேப்பை முன்சுவரில் வைத்து அளந்திருந்தால் 30-க்குப் பதிலாக 25 என்று வந்திருக்கும், உயரம் நாலரை மீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். கோணத்தில் வரும் தவறைவிட இது பெரிய ஓட்டை.

இரண்டு கோண முறையை விரும்புகிறவர்கள் சொல்லும் வலுவான காரணமும் இதுதான். அதற்கு அடிவாரமே தேவையில்லை. ஆனால் கோபுரத்தில் இதற்கு வழி இருக்கிறது, ஏனென்றால் கோபுரம் ஒரு வாசல். நடுவே நடைபாதை போகிறது. அதன் நீளத்தை அளந்து சரிபாதியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால், கலச வரிசை அதற்கு நேர் மேலே. அங்கிருந்து டேப்பைத் தெருவுக்கு இழுத்தோம். செல்போன் கோபுரம், மேல்நிலைத் தொட்டி போன்றவற்றிலும் கால்களுக்கு நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. உள்ளே நுழைய முடியாத பாழடைந்த கோபுரமாக இருந்தால், பக்கவாட்டில் வெளிச்சுவரின் நீளத்தை அளந்து பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அளந்தது சரியா என்று பார்க்கவும் ஒரு கோண முறையே உதவுகிறது. 40 மீட்டரிலிருந்து மறுபடி பார்த்தோம், 35 டிகிரி. 40 × 0.7002 = 28.0. முன்பு வந்ததே. அடிப்புள்ளி தவறாக இருந்தால் இப்படிப் பொருந்தாது. முன்சுவரிலிருந்து அளந்திருந்தால் 25 மீட்டர் கணக்கு 23.3 என்றும், 35 மீட்டர் கணக்கு 24.5 என்றும் வந்திருக்கும். தள்ளி நின்று அளந்தது கூடுதலாக வந்தால், அடிவாரத் தூரத்தைக் குறைத்து எடுத்திருக்கிறோம் என்று சந்தேகப்படலாம்.

ஆனால் கருவியிலேயே கோளாறு இருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. ஸ்ட்ராவை இரண்டு டிகிரி சாய்வாக ஒட்டியிருந்தால் 45, 37 என்று படித்திருப்போம். ஒன்று 30.0, மற்றது 30.1. அழகாகப் பொருந்தும், இரண்டுமே தப்பு. இதற்கு வேறு சோதனை வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூப் போதும். அதை வைத்து நம் கண் மட்டத்தைத் தூரத்துச் சுவரில் குறித்துக்கொண்டு, கருவியால் அந்தக் குறியைப் பார்க்க வேண்டும். பூஜ்ஜியம் காட்டினால் சரி. ஒன்றரை காட்டினால் எல்லாக் கோணத்திலிருந்தும் ஒன்றரையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

எங்கே நிற்பது என்பதற்கும் விடை உண்டு. கோணம் 45-ஐ ஒட்டி இருக்கும் இடமே பாதுகாப்பானது. எங்கள் கோபுரத்துக்கு அங்கே அரை டிகிரியின் விலை அரை மீட்டர். பத்து மீட்டர் அருகே போய் 70 டிகிரியில் அண்ணாந்து பார்த்தால் முக்கால் மீட்டர். நூறு மீட்டருக்கு அப்பால் 15 டிகிரியில் பார்த்தால் ஒரு மீட்டர். சரியாக 45-இல் நின்றால் tan 45° = 1, தூரமே உயரம், அட்டவணையே வேண்டாம்.

சரி, அடிவாரத்துக்குப் போகவே முடியாவிட்டால்? ஆற்றுக்கு அக்கரைக் கோபுரம், வேலி போட்ட வளாகம். அப்போதும் நேர்கோட்டில் இரண்டு ஏற்றக் கோணம் எடுப்பதை நான் கடைசியாகத்தான் வைப்பேன். இமயத்தின் 15-ஆம் சிகரத்தை, அதாவது இன்றைய எவரெஸ்டை, இந்திய நில அளவைத் துறை அளந்த விதம் நினைவுக்கு வருகிறது. நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. சமவெளியில் நிலையங்களிலிருந்து முதலில் கிடைமட்டக் கோணங்களை எடுத்துச் சிகரம் இருக்கும் தூரத்தைக் கண்டார்கள், பிறகுதான் ஏற்றக் கோணம். ராதாநாத் சிக்தர் 1852-இல் கணக்கிட்டு, 1856-இல் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. அதுவும் உண்மையில் ஒரு கோண முறைதான். தூரத்தை மட்டும் டேப்புக்குப் பதிலாக இன்னொரு முக்கோணம் தந்தது. ஒளி வளைவுக்கும் பூமியின் வளைவுக்கும் அவர்கள் திருத்தம் செய்தார்கள், நம் தெருவுக்கு அவை வேண்டாம்.

நாமும் அப்படிச் செய்யலாம். கோபுரத்தை நேராகப் பார்த்து நின்று, 3-4-5 கயிறு வைத்துச் செங்கோணத்தில் பக்கவாட்டில் 30 மீட்டர் நடந்து, அங்கே நடுக் கலசத்தின் திசைக்கும் நாம் நடந்த கோட்டுக்கும் இடையே உள்ள கிடைமட்டக் கோணத்தை அளந்தால், அந்தக் கோணத்தின் tan-ஐ 30-ஆல் பெருக்கி வருவதே தூரம். கிடைமட்டக் கோணத்தைப் பலகையில் கோணமானி பதித்து எடுத்ததில் எனக்குப் பழக்கம் குறைவு. ஒரு வயலில் சிறிய அளவில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதனால் எவ்வளவு நம்பலாம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். கணக்கின்படி, பக்கவாட்டுத் தூரம் கோபுரத் தூரத்தை ஒட்டியிருந்தால், அரை டிகிரிக்கு இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும்.

பக்கவாட்டில் நடக்கவும் இடமில்லை, நேராக ஒரு தெரு மட்டும்தான் என்றால் இரண்டு ஏற்றக் கோணமே வழி. அப்போது இரண்டு இடங்களையும் முடிந்தவரை விலக்குங்கள். எங்கள் கோபுரத்துக்குப் பக்கக் கோணம் 60 வரும் அளவுக்கு, ஏறத்தாழ 16 மீட்டருக்கு நெருங்கி, மற்ற இடத்தை 50 மீட்டரிலேயே வைத்தால், தூரக் கோணத்தின் அரை டிகிரித் தவறு ஒன்றரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டரைச் சற்றுத் தாண்டும் அளவுக்குக் குறைகிறது.