சொசைட்டி கணக்கு தெரிந்தவருக்கு எது சரி: யூடியூபா, ஆண்டுச் சந்தாவா?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் ஹவுசிங் சொசைட்டிகளுக்குக் கணக்கு எழுதியே ஓய்வு பெற்ற ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டவரிடம் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் நான்-ஆக்குபன்சி கட்டணம் கேட்கக் கூடாது, ஃபிளாட் கைமாறும்போது பிரீமியம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்த அறிவில் மாதம் ஆறாயிரம் வந்தால் போதும் அவருக்கு.

எல்லோரும் முதலில் சொல்வது தமிழ் யூடியூப் சேனல். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்கவும் வேண்டும். ஒருவர் சராசரியாக 6 நிமிடம் பார்த்தால் அது 40,000 பார்வை. மும்பையில் தமிழ் பேசுபவர், அதிலும் கமிட்டியில் இருப்பவர் என்று வடிகட்டினால் அத்தனை பேர் தேற மாட்டார்கள். எண்ணிக்கையைச் சென்னைக்காரர்கள் நிரப்பலாம். சிக்கலே அங்குதான். இங்கே நடப்பது மகாராஷ்டிராவின் 1960 கூட்டுறவுச் சட்டம். அங்கே அடுக்குமாடிகளுக்கு 2022-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பதில் தெரியாத கேள்விகள் குவியும். பார்வைக்காக ‘ஃபிளாட் வாங்கப் பத்து டிப்ஸ்’ என்று இறங்கினால் அவருடைய தனித்தன்மை போச்சு. கமெண்டில் வேளச்சேரியும் தாம்பரமும் அதிகமாகத் தென்பட்டால் சேனல் கைவிட்டுப் போகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பதிவு செய்த வகுப்பை விற்கலாம்தான். ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க மாட்டாரே.

என் ஓட்டு சந்தாக் கடிதத்துக்கு, அதாவது சந்தா கட்டும் சொசைட்டிகளுக்கு மாதாமாதம் மின்னஞ்சலில் போகும் கடிதத்துக்கு. சொசைட்டி வேலைக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது: மார்ச் 31-இல் கணக்கு முடியும், அப்புறம் தணிக்கை, செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்குழு. அந்தந்த மாத வேலை, மாதிரி நோட்டீஸ், சொசைட்டிக்கு மாதம் ஒரு கேள்விக்குப் பதில் என்று கொடுத்தால் செக்ரட்டரி விட மாட்டார். ஆனால் மாதச் சந்தா வேண்டாம். பொதுக்குழு முடிந்ததும் அக்டோபரில் கழன்றுகொள்வார்கள். ஆட்டோபேயும் சரிப்படாது: சொசைட்டி வங்கிக் கணக்கில் பெரும்பாலும் இருவர் கையெழுத்து வேண்டும்.

அதனால் ஏப்ரலில், ஆண்டுக்கு 1,500 ரூபாய், காசோலையோ நெஃப்டோ. தணிக்கையாளர் கேட்பார் என்பதால் சொசைட்டி பெயரிலேயே பில். 50 சொசைட்டி சேர்ந்தால் 75,000, அதாவது மாதம் 6,250. முதல் 10 சொசைட்டிகள் பழைய வாடிக்கையாளர்களாக இருந்தாலே நல்ல தொடக்கம். கடிதத்தை செக்ரட்டரியின் சொந்த முகவரிக்கு அனுப்பாமல் சொசைட்டி மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். கமிட்டி மாறினாலும் சந்தா அறுந்துபோகாது.

ஒரே எச்சரிக்கை: பக்கத்து வீட்டு லீக்கேஜ் தகராறுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லப் போகக் கூடாது. அந்த ஒரு கேள்வியே முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும், 1,500 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது.