ரப்பர் ரோலுக்கு ஒரு கணக்கு, பேரிங்குக்கு வேறு கணக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிறிய அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து குறைவாக இருக்கும் என்று சொல்லும் சூத்திரம்தான் சிக்கனக் கொள்முதல் அளவு. ஆலையின் மூலப்பொருளான நெல்லுக்கு அதைப் பார்ப்பதில் பயனில்லை. கார், பிசானப் பருவ அறுவடையின் போதுதான் நெல் வரும், விலையும் அப்போதுதான் இறங்கும். அந்தச் சூத்திரமோ விலையும் தேவையும் வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது.

உமி நீக்கும் ஷெல்லரில் தேய்ந்துகொண்டே இருக்கும் ரப்பர் ரோலுக்கு அது நன்றாகவே பொருந்தும். வருடத்துக்கு 72 ஜோடி, ஜோடி ரூ.4,500, ஒரு ஆர்டருக்குப் பார்சல், ஏற்றுகூலி எல்லாம் சேர்த்து ரூ.400, ஒரு ஜோடியை வருடம் முழுக்க இருப்பில் வைக்க வட்டியும் இடமும் சேர்த்து ரூ.900 என்று எடுத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு வாங்க வேண்டிய ஜோடி Q:

```
Q = √(2 × 72 × 400 / 900) = 8
```

எட்டெட்டாக வாங்கினால் ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சேர்ந்து வருடத்துக்கு ரூ.7,200 ஆகும். 12 ஆக வாங்கினால் ரூ.7,800 தான். அதனால் எட்டையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், பெட்டிக் கணக்குக்கு வசதியான எண்ணை எடுக்கலாம். 24 ஆக வாங்கினால் ரூ.12,000 ஆகிவிடும். ஆனால் கடைக்காரர் அதற்கு 2 சதவீதம் தள்ளுபடி தந்தால் ரூ.6,480 மிச்சமாகி, கூடுதல் செலவை அது அடைத்துவிடும். அப்படி வாங்குவதாக இருந்தால் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் கிடக்கக் கிடக்க இறுகிப்போகும், உமி சரியாகப் பிரியாது.

எவ்வளவு வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். சரக்கு வர ஒரு வாரம், தாமதமானால் இரண்டு வாரம் ஆகும். சாதாரண நாளில் வாரத்துக்கு ஒரு ஜோடி தேயும், அறுவடையை ஒட்டிய பத்து வாரங்களில் மூன்று தேயும். ஆகவே இருப்பு எத்தனை ஜோடிக்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும் என்ற மறு ஆர்டர் அளவு சாதாரண நாளில் 2, சீசனில் 6. வருடச் சராசரியை மட்டும் நம்பி 3 என்று எழுதி வைத்தால் சீசனில் ஒரே வாரத்தில் அலமாரி காலி.

நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பேரிங் கதையே வேறு. இரண்டு வருடத்துக்கு ஒன்று போகும் பொருளுக்குச் சராசரி எதையும் சொல்லாது, சூத்திரத்தில் ஆலை நின்றால் வரும் நட்டத்துக்கும் இடமில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பேரிங் திருநெல்வேலிக் கடையில் அன்றைக்கே கிடைக்குமா? கிடைத்தால் வாங்கி வைக்க வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமென்றால், ஒரு நாள் நின்றால் ரூ.15,000 நட்டம் என்று வையுங்கள், வருடத்துக்கு அது சராசரியாக ரூ.7,500. பேரிங்கை வைத்திருக்கும் செலவு ரூ.600. எனவே ஒன்று கட்டாயம் வேண்டும். முதல் பேரிங் போய், புதியது வருவதற்குள் அடுத்ததும் போவது அபூர்வம் என்பதால் இரண்டாவதுக்குப் பணம் முடக்கத் தேவையில்லை. ஆனால் அலமாரியில் இருந்ததை எடுத்து மாட்டிய அன்றே அடுத்ததுக்கு ஆர்டர் போயாக வேண்டும். அதை மாட்டியவரே ஸ்டோர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.