முற்றிய கண்புரைக்கு ஃபேக்கோவா, எஸ்.ஐ.சி.எஸ்.ஸா?

என் அம்மாவுக்கு வலக் கண்ணில் புரையை முழுதாக வெளியே எடுக்கும் எஸ்.ஐ.சி.எஸ். முறையிலும், சில மாதங்கள் கழித்து இடக் கண்ணில் அதை மீயொலியால் உடைத்து எடுக்கும் ஃபேக்கோ முறையிலும் அறுவை நடந்தது. ஃபேக்கோதான் உயர்ந்தது, மற்றது இலவச முகாம்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இறுகிப் பழுப்பேறிய புரையைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கவில்லை.

புரை வலியில்லாமல் வளர்வதால், முதியவர்கள் அதை வயதின் இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு சிதறிக் கூசுவதும், கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவதும், கருநீலச் சேலையைக் கறுப்பு என்று எடுத்துவிடுவதும் அறிகுறிகள். அம்மா ஒரு கட்டத்தில் கண்ணாடி இல்லாமலே பஞ்சாங்கம் படித்தார். லென்ஸின் நடுக்கரு இறுகும்போது அதன் ஒளிவிலக்கும் திறன் கூடிக் கிட்டப்பார்வை உண்டாவதால், வெள்ளெழுத்து குறைந்ததுபோலத் தோன்றும். அது புரை முன்னேறுவதன் அடையாளமே தவிரப் பார்வை மீண்டதன் அடையாளம் அல்ல.

இரு முறைகளிலும் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அதன் உறையை மட்டும் விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். வேறுபாடு, நடுக்கருவை வெளியே எடுக்கும் வழியில் இருக்கிறது. ஃபேக்கோவில் கருவிழியின் ஓரத்தில் சுமார் 2.8 மில்லிமீட்டர் துளையிட்டு, மீயொலி அதிர்வால் நடுக்கருவை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சுரங்கம் போன்ற வழி அமைத்து, நடுக்கருவை முழுதாகவே வெளியே கொண்டுவருகிறார்கள். அந்த வழி சாய்வாக இருப்பதால், கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும். பெரும்பாலும் தையல் தேவைப்படாது.

என் தேர்வைத் தீர்மானித்தது கருவிழியின் உட்புறத்தில் இருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள்தான். கருவிழிக்குள் நீர் தேங்காமல் வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வயதாக ஆக எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வரும். நடுக்கரு எவ்வளவு இறுகியிருக்கிறதோ, அவ்வளவு அதிக மீயொலி ஆற்றலை ஃபேக்கோவில் செலவிட வேண்டும். அந்த வெப்பமும் தெறிக்கும் துண்டுகளும் இந்தச் செல்களைப் பாதிக்கும். அறுவைக்கு மறுநாள் கட்டைப் பிரித்ததும் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தால், பல நேரங்களில் அதற்குக் காரணம் இதனால் வந்த கருவிழி வீக்கம்தான். பெரும்பாலும் அது சில நாள்களிலோ வாரங்களிலோ வடிந்துவிடும்; செல்கள் மிகவும் குறைந்துபோன கண்ணில் வடியாமலும் போகலாம். நேபாளத்தில் முற்றிய புரைகளில் இரு முறைகளையும் ஒப்பிட்டு கண் மருத்துவர் சந்துக் ரூயித் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்விலும், முதல் நாள் கருவிழி வீக்கம் ஃபேக்கோ தரப்பில் கூடுதலாக இருந்தது. ஆறு மாத முடிவில் இரு தரப்பிலும் பார்வை நன்றாகவே இருந்தது.

அம்மாவின் வலக் கண்ணில் நடுக்கரு பழுப்பேறி, முகத்துக்கு அருகே நீட்டிய விரல்களை எண்ணுமளவுக்கே பார்வை இருந்தது. கண்ணருகே ஊசி போட்டு மரக்கச் செய்து அறுவை நடந்தது. மறுநாள் கண்ணின் வெள்ளைப் பகுதி இரத்தச் சிவப்பாக இருந்ததைப் பார்த்து உறவினர்கள் பதறினார்கள். கருவிழியோ தெளிவாக இருந்தது, அம்மாவும் சுவர்க் கடிகாரத்தில் மணி சொன்னார். அந்தச் சிவப்பு இரண்டு வாரத்துக்குள் கலைந்தது. மணல் உறுத்துவதுபோன்ற உணர்வு மட்டும் சற்று நீடித்தது.

ஃபேக்கோ வெல்லும் இடமும் உண்டு. வெட்டு பெரிதாக இருப்பதால் எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் கருவிழியின் வளைவு மாறி, சிலிண்டர் பவர் கூடுதலாக வரக்கூடும். பவர் நிலைபெற ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும் என்பதால், அதற்குமுன் கண்ணாடிக்குச் செலவு செய்யாதிருப்பது நல்லது. இடக் கண்ணின் புரை மென்மையாக இருந்ததால், அங்கே ஃபேக்கோவையே தேர்ந்தோம். கண் சிவக்கவே இல்லை, பார்வையும் விரைவில் நிலைத்தது. கைதேர்ந்த மருத்துவர்கள் இறுகிய புரையையும் ஃபேக்கோவில் நன்றாகவே எடுக்கிறார்கள் என்பதையும், நான் அருகிலிருந்து பார்த்தது ஒருவருடைய இரு கண்களை மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண் தெளிந்துவிட்டது என்று இடையில் நிறுத்தினால் அழற்சி திரும்பலாம். தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் நீர் படக் கூடாது, கண்ணைக் கசக்கவும் கூடாது. உறுத்தல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாறாக வலி கூடி, தெளிந்த பார்வை மறுபடி மங்கி, சிவப்பு அதிகரித்தால் அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அப்போது குறித்துக் கொடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.