மொகஞ்சதாரோ: மூடிய வாய்க்காலா, துளைப் பானையா?

வீட்டுக் கழிவுநீரை வெளியேற்ற அங்கே இரண்டு வழியும் இருந்தன.

செலவு: வாய்க்கால் என்றால் தெரு நீளத்துக்கும் சுட்ட செங்கல் வேண்டும். பானை என்றால் அடியில் துளையிட்டுச் சுவரோரம் வைத்தால் சரி, நீர் மண்ணில் ஊறிவிடும்.

பராமரிப்பு: வாய்க்காலின் மூடிக் கற்களைச் சாந்து வைத்து ஒட்டவில்லை. தூக்கிவிட்டு வண்டலை அள்ளலாம். அப்படி அள்ளிப்போட்ட மணல் குவியல்கள் ஓரத்திலேயே கிடந்ததை அகழாய்வில் கண்டார்கள். எனக்கு மிகப் பிடித்த தடயம் இதுதான். பானையோ நிரம்பினால் சந்திலேயே வழியும்.

ஓட்டம்: தெரு நேராக இருந்தால் வாய்க்காலுக்குச் சீரான சரிவு கொடுப்பது எளிது. வளைவில் வண்டல் தங்கும். பானைக்குச் சரிவே தேவையில்லை.

வாய்க்கால் எட்டாத குறுகிய சந்து வீட்டுக்குப் பானை போதும். பல வீட்டு நீர் சேரும் பெரிய தெருவுக்கு வாய்க்கால்தான்.