டிக் டிக் சத்தம் கேட்கிறது, பொறி வரவில்லை: செல்லா, அழுக்கா, இடைவெளியா?

கேஸ் அடுப்பின் திருகை அமுக்கினால் இக்னைட்டர் ‘டிக் டிக்’ என்று அடிக்கிறது, பர்னரில் மட்டும் பொறி விழவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். கடையில் கேட்டால் புது செல் போடச் சொல்வார்கள். வீட்டில் கேட்டால் நன்றாகத் துடைக்கச் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் பர்னர் ஓரத்தில் நிற்கும் பொறி விடும் ஊசியைப் பர்னர் பக்கமாக லேசாக வளைக்கச் சொல்வார். மூன்றுமே சரியான வைத்தியம்தான். ஆனால் மூன்றும் வேறு வேறு நோய்க்கானவை. எதை முதலில் செய்வது என்பதை அந்த டிக் டிக் சத்தமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

முதலில் உங்கள் அடுப்பு எந்த வகை என்று பாருங்கள். திருகினால் ‘டக்’ என்று ஒரே ஒரு அடி விழுந்தால் அது பீசோ வகை. உள்ளே ஒரு சிறு சுத்தி படிகத்தின் மேல் அடிக்கிற சத்தம் அது. பொறி வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சத்தம் கேட்கும், அதனால் சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதில் செல்லும் கிடையாது. அழுக்கையும் இடைவெளியையும் பார்த்தால் போதும்.

அமுக்கிப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் அது செல்லில் ஓடும் வகை. கண்ணாடி மேல்தட்டு வைத்த, மேடையில் பதிக்கும் அடுப்புகளில் இதுதான் அதிகம். இங்கே விஷயமே வேறு. ஒவ்வொரு டிக்கும் ஒரு பொறியின் சத்தம். சத்தம் கேட்கிறது, பர்னரில் பொறி தெரியவில்லை என்றால், பொறி உண்டாகிறது, ஆனால் வேறு எங்கோ குதிக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அது எங்கே குதிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செல்லை எடுத்துக்கொள்வோம். அடுப்புக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டி, 1.5 வோல்ட் செல்லின் மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துகிறது. பெரும்பாலான பெட்டிகளில் ஒரு மின்தேக்கி நிரம்பி, குறிப்பிட்ட அளவு வந்ததும் ஒரேயடியாகக் காலியாகும். அந்தக் கணத்தில்தான் பொறி. செல் பலவீனமானால் மின்தேக்கி நிரம்ப நேரம் பிடிக்கும். ஆகவே டிக் டிக் மெதுவாகும், ‘டிக்... டிக்...’ என்று இழுக்கும், கடைசியில் நின்றுபோகும். சத்தம் பழைய வேகத்திலேயே படபடவென்று அடித்தால் செல் குற்றவாளி அல்ல. அந்த நிலையில் எத்தனை புது செல் போட்டாலும் பலன் இருக்காது.

செல்லைச் சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் செல்லை வெளியே எடுத்து அளப்பார்கள், 1.4 காட்டும், நல்ல செல் என்று திரும்பப் போடுவார்கள். செல் அடுப்பில் இருக்கும்போதே திருகை அமுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். அப்போது 1.1 அளவுக்கு இறங்கினால் மாற்றிவிடலாம். மீட்டர் இல்லாதவர்கள் புது அல்கலைன் செல்லைப் போட்டு சத்தத்தின் வேகம் கூடுகிறதா என்று கேட்டாலே போதும். கடிகாரத்திலிருந்து செல்லைக் கழற்றி அடுப்பில் போட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம். கடிகாரம் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். அடுப்புக்கு உதவாத செல்லும் அங்கே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். உவரி, கூத்தங்குழி மாதிரி கடலோர ஊர்களில் செல்லை விட அது தொட்டுக்கொண்டிருக்கும் தகடுகள்தான் சீக்கிரம் கெடும். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புது செல் போடுங்கள்.

இன்னொரு கேள்வி: எல்லா பர்னரிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டும் வரவில்லையா? இந்த வகை அடுப்புகளில் எந்தத் திருகை அமுக்கினாலும் பொதுவாக எல்லா ஊசிகளும் சேர்ந்தே அடிக்கும். மற்றவற்றில் நல்ல பொறி, ஒன்றில் மட்டும் இல்லை என்றால் செல்லும் பெட்டியும் நலமாக இருக்கின்றன. கோளாறு அந்த ஊசியிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சியில் மைனி வீட்டு அடுப்பு இதற்கு நல்ல உதாரணம். மூன்று பர்னர் வைத்த கண்ணாடி அடுப்பு. இடதுபக்கப் பெரிய பர்னர் பற்றவில்லை. “செல்லு புதுசு போட்டாச்சு தம்பி, சத்தம் நல்லாத்தான் வருது. தீ மட்டும் பிடிக்க மாட்டேங்கு. கடையில பொட்டியவே மாத்தணும்னு சொல்லுதாங்க” என்றார்கள். சத்தம் படபடவென்று இருந்தது, மற்ற இரண்டு பர்னரும் பற்றின. அதனால் பெட்டியை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடி, ஏற்கெனவே வெளியேறிய கேஸ் போக ஜன்னலைத் திறந்து வைத்தோம். இந்தச் சோதனை எல்லாமே கேஸ் மூடிய பிறகுதான். சமையல் கேஸ் காற்றை விட கனமானது, தரையோடு தங்கும். வாடை போனபிறகு அடுக்களையை இருட்டாக்கித் திருகை அமுக்கச் சொன்னேன். மற்ற இரண்டிலும் ஊசி நுனியிலிருந்து பர்னருக்கு நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. இடது பர்னரில் நுனி இருட்டாகவே இருந்தது. ஆனால் கீழே, ஊசியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான் அடுப்பின் உலோகத் தட்டுக்குள் இறங்கும் இடத்தில், செம்மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு ஊர்ந்தது. பொறி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

காரணம் சொதி. தேங்காய்ப்பால் பொங்கி வழிந்து பீங்கானில் காய்ந்து, மேலே தீ எரிய எரியக் கரியாகியிருக்கிறது. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, அதற்காகத்தான் அதை வைக்கிறார்கள். கரி கடத்தும். நுனியிலிருந்து காற்றைத் தாண்டிக் குதிப்பதை விட, கரிப்படலத்தின் வழியே தட்டுக்கு இறங்குவது உயர் மின்சாரத்துக்குச் சுலபம்.

துடைக்கும்போது ஈரத்துணியை வைத்து நாலு இழுப்பு இழுப்பது பத்தாது. பர்னர் தலையைக் கழற்றிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் துளி பாத்திரச் சோப்புத் தண்ணீர் தொட்டுப் பீங்கானைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும், முக்கியமாக அது தட்டுக்குள் இறங்கும் விளிம்பை. தண்ணீரை ஊற்றக் கூடாது. பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் சோப்பை எடுத்துவிட வேண்டும். உலோக நுனியை மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பீங்கானில் உப்புத்தாள் வைத்தால் அதன் வழவழப்பு போய் அழுக்கு சீக்கிரம் ஒட்டும். ஸ்பிரிட் முழுக்க ஆவியாகி எல்லாம் காய்ந்த பிறகே திருகைத் தொட வேண்டும். ஈரப் பீங்கானிலும் பொறி இதேபோல இறங்கிவிடும், துடைத்தும் சரியாகவில்லை என்று தவறாக நினைத்துக்கொள்வோம். சில அடுப்புகளில் ஊசிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பியும் நிற்கும். அது தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் உணர்கம்பி. அதைத் துடைக்கலாம், வளைக்கக் கூடாது.

துடைத்துக் காய்ந்ததும் மைனி அடுப்பில் நுனியிலேயே பொறி வந்தது. ஆனால் விட்டு விட்டு வந்தது, ஒரு நேரம் பர்னருக்கு, ஒரு நேரம் பக்கவாட்டில் தட்டுக்கு. இடைவெளி அதிகமாக இருந்தால் இப்படித்தான் தெரியும். பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த ஸ்க்ரூ டிரைவரின் தண்டைப் பர்னரில் சாய்த்து, அதன் முனையை ஊசிக்குப் பக்கமாகக் கொண்டுபோனேன். பொறி ஒரு தடவை கூடத் தவறாமல் ஸ்க்ரூ டிரைவருக்கே குதித்தது. இடைவெளிதான் மிச்சக் கோளாறு என்பது உறுதியாயிற்று. இதைச் செய்யும்போது இரும்புப் பகுதியில் கை படக் கூடாது, சுரீரென்று அடிக்கும்.

ஊசி வளைந்திருக்கவில்லை. கழுவி வைத்தபோது பர்னர் தலை அதன் பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. திருப்பி உட்கார வைத்ததும் இடைவெளி தானாகச் சரியாகிவிட்டது. ஆகவே பிளையரை எடுப்பதற்கு முன் பர்னரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? பொதுவாக 3 முதல் 4 மில்லிமீட்டர். இரண்டு பத்து ரூபாய் நாணயத்தைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். கூடினால் பொறி தாண்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தாலும் கெடுதல் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பொறி கண்ணுக்குத் தெரியும், தீ பற்றாது. இரண்டு பக்கமும் உலோகம் இவ்வளவு நெருங்கி இருந்தால் பிறக்கிற சின்னச் சுடரின் சூட்டை அதுவே இழுத்து அணைத்துவிடும். நுனி பர்னரைத் தொட்டேவிட்டால் பொறியே இருக்காது.

அழுக்குப் பீங்கானை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் நெருக்கி வளைப்பதை நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணமும் இதுதான். அன்றைக்குப் பொறி வரும், கரி அப்படியே இருப்பதால் சீக்கிரம் மறுபடி நிற்கும், இன்னும் நெருக்கத் தோன்றும். அந்த இழுபறியில் பீங்கான் உடைந்துபோகும். வளைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பிளையரால் ஊசியின் அடி உலோகத்தை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் நுனியை வளைக்க வேண்டும். பீங்கானில் துளி பாரமும் விழக் கூடாது.

எனவே படபடவென்று அடிக்கும் அடுப்புக்கு முதலில் துடைப்பது, அடுத்து பர்னரை உட்கார வைத்து இடைவெளி பார்ப்பது என்பதே என் முடிவு. மெதுவாக அடிக்கும் அடுப்புக்கு மட்டும் செல் முதலில். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் சாரல் காலத்தில் காலையில் பற்றாமல் மத்தியானம் பற்றும் அடுப்பைப் பார்க்கலாம். அது செல் அல்ல, அழுக்கின் மேல் ஏறிய ஈரம். அங்கே துடைப்பதைச் சற்று அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகும் இருட்டில் பீங்கானின் நடுவிலேயே பொறி ஒரே இடத்தில் தெரிந்தால் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறது. பசை எதுவும் வைத்து ஒட்ட வேண்டாம், ஊசியை ஒயரோடு மாற்ற வேண்டியதுதான். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஒயர் நீளமும் முனைக் கிளிப்பும் அடுப்புக்கு அடுப்பு மாறும். சத்தம் மட்டும் கண்ணாடிக்கு அடியிலிருந்து வந்தால் ஒயரின் உறை கிழிந்து உடம்புத் தகட்டில் பொறி இறங்குகிறது. அதற்கும் ஒயர்தான் மாற்ற வேண்டும். பெட்டியை மாற்றும் செலவு கடைசி. புது செல் போட்டு, தகடுகளைத் தேய்த்து, அதற்கும் பிறகு எல்லா பர்னரிலும் சத்தம் மெதுவாகவோ இல்லாமலோ இருந்தால் மட்டும் அதற்குப் போகலாம்.

சாமான் வரும்வரை கை லைட்டரில் பற்ற வைக்கலாம். லைட்டரைப் பர்னரில் வைத்து அடிக்கத் தொடங்கியபிறகு திருகைத் திறங்கள், திறந்துவிட்டு லைட்டரைத் தேடாதீர்கள். இரண்டு மூன்று அடியில் பற்றவில்லை என்றால் மூடிவிட்டு வாடை போகும்வரை காத்திருங்கள். மூடியபிறகும் வாடை போகவில்லை என்றால் ரெகுலேட்டரை மூடி, லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வைத்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.